பழைய மேலாளரிடம் லிங்க்ட்இன் பரிந்துரை கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது போய்க் கேட்டால் என் பழைய மேலாளர் தவறாக நினைப்பாரா?

பெரும்பாலும் நினைக்க மாட்டார். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அவருக்கு மறந்துபோயிருப்பது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றிய நல்ல எண்ணம் அப்படியே இருக்கும். எந்த வேலையை எப்படிச் செய்தீர்கள் என்ற விவரம் கரைந்திருக்கும். அந்த நிலையில் "ஒரு பரிந்துரை எழுதித் தாருங்கள் சார்" என்று மட்டும் கேட்டால், "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்" என்ற மூன்று வரி வரும். அவருக்கு அக்கறை இல்லை என்று அதற்குப் பொருளில்லை. எழுதுவதற்கு அவர் கையில் வேறு எதுவும் இல்லை. அந்த விவரத்தை நினைவூட்டுவதுதான் கேட்பவரின் வேலை.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். பெரிய பதவியில் இருந்த இயக்குநரைவிட, உங்கள் வேலையைத் தினமும் பார்த்த நேரடி மேலாளரின் சொல்லுக்கே எடை அதிகம். பரிந்துரைக்கு மேலே அவர் உங்களை நேரடியாக நிர்வகித்தவரா, உடன் வேலை செய்தவரா என்பதும் எழுதிய தேதியும் தெரியும். ஆள் எடுப்பவர்கள் அந்த வரியையும் படிக்கிறார்கள்.

லிங்க்ட்இன்னில் இதை எங்கே கேட்க வேண்டும்?

முதலில் அவர் உங்கள் நேரடித் தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோரிக்கை அனுப்ப முடியாது. அவருடைய பக்கத்துக்குப் போய் "More" என்பதை அழுத்தினால் "Request a recommendation" என்று வரும். அதில் அவர் உங்களுக்கு எந்த வகையில் தெரிந்தவர், அப்போது நீங்கள் எந்தப் பதவியில் இருந்தீர்கள் என்ற இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஒரு செய்தியும் எழுதி அனுப்பலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் அந்தப் பதவிப் பட்டியல். உங்கள் அனுபவப் பகுதியில் நீங்கள் சேர்த்திருக்கும் பதவிகள்தான் அதில் வரும். பழைய நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து, மூத்த பொறியாளராக உயர்ந்து, இரண்டையும் ஒரே பதிவாகப் போட்டிருந்தால், எந்தக் காலத்து வேலையைப் பற்றி அவர் எழுதுகிறார் என்பது படிப்பவருக்குப் புரியாது. கேட்பதற்கு முன்பு அதைச் சரிசெய்துவிடுங்கள். உங்கள் திறன்களுக்கு நேராக ஒரு சொடுக்கில் ஒப்புதல் தரும் வசதி வேறு, இது வேறு. இங்கே அவர் தம் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும்.

முன்கூட்டியே பேசாமல் நேராகக் கோரிக்கை அனுப்பிவிடலாமா?

வேண்டாம். தளத்தின் அறிவிப்புகளைப் பலர் வாரக்கணக்கில் பார்ப்பதே இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் முன்னாள் ஊழியர்களைப் பற்றி மேலாளர்கள் பொதுவெளியில் எழுதக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றை மனிதவளத் துறை மட்டுமே உறுதிசெய்து தரும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒருவருக்குக் கோரிக்கை வந்தால் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் சங்கடம். அவர் மறுப்பதற்கு எளிதான ஒரு வழியை நீங்களே திறந்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம் சார். நலமாக இருக்கிறீர்களா? சப்ளையர் தரப் பிரிவில் வேலை தேடுகிறேன். உங்களிடம் வேலை பார்த்த காலத்தைப் பற்றி லிங்க்ட்இன்னில் சில வரிகள் எழுதித் தர முடியுமா என்று கேட்க விரும்பினேன். நிறுவன விதி இடம் தராவிட்டாலோ, இப்போது நேரம் இல்லாவிட்டாலோ தயங்காமல் சொல்லுங்கள் சார், நான் புரிந்துகொள்வேன். சரி என்றால், நினைவூட்டலுக்குச் சில குறிப்புகளுடன் கோரிக்கை அனுப்புகிறேன்."

"சரி, அனுப்பு" என்று பதில் வந்த பிறகு தளத்தில் கோரிக்கையை அனுப்புங்கள்.

என்ன எழுத வேண்டும் என்று மேலாளருக்கே சொல்வது மரியாதைக் குறைவு இல்லையா?

எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "என் தலைமைப் பண்பைப் பாராட்டி எழுதுங்கள்" என்றால் அவருடைய மதிப்பீட்டை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அது நிச்சயம் உறுத்தும். கீழே உதாரணமாக வரும் பொறியாளரைப் போல, "திங்கட்கிழமை வார்ப்புகள் கசிந்த விவகாரம் நினைவிருக்கிறதா சார்? அதைத் தொட்டு எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்" என்றால் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறீர்கள். அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். நிகழ்ச்சி உங்களுடையது, கருத்து அவருடையது. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மரியாதை கெடாது.

நடைமுறையில் குறிப்புகள் கொடுப்பதை மேலாளர்கள் விரும்பவே செய்கிறார்கள். வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அவர்களுக்கு மிச்சமாகிறது.

எத்தனை விஷயங்களைச் சொல்லலாம்? எதைச் சொல்வது, எதை விடுவது?

மூன்று போதும். மூன்றையும் தேர்ந்தெடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஒரு உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவுப் பொறியாளராக இருந்த ஒருவர், சப்ளையர் தரப் பிரிவுக்கு மாற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதும் பட்டியல் அநேகமாக இப்படி இருக்கும்: உழைப்பு, குழு உணர்வு, நேரம் தவறாமை, தலைமைப் பண்பு, பேச்சுத் திறன், சிக்கல்களைத் தீர்க்கும் திறன். இதில் ஒன்றுகூட நிகழ்ச்சி இல்லை. எந்தத் துறையில் யார் வேண்டுமானாலும் இதே பட்டியலை அனுப்பலாம். இதைப் பார்க்கும் மேலாளர் ஆறு சொற்களையும் அப்படியே வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுவார்.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேடும் வேலைக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சப்ளையர் தரப் பிரிவில் இருப்பவர் இன்னொருவரின் தொழிற்சாலைக்குப் போய், அங்கே தனக்கு எந்த அதிகாரமும் இல்லாத ஆட்களிடம் பேசி, பிழையின் மூலத்தைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: வெளியாட்களின் இடத்தில் பிழையின் மூலத்தைக் கண்டுபிடித்ததை என் மேலாளர் எப்போது கண்ணால் பார்த்தார்?

நம் பொறியாளருக்கு அப்படி ஒன்று நினைவுக்கு வருகிறது. சப்ளையரிடமிருந்து வந்த அலுமினிய வார்ப்புகள் கசிவுச் சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தன. எல்லோரும் சோதனை இயந்திரத்தைச் சந்தேகித்தார்கள். இவர் தோற்ற பாகங்களில் பொறித்திருந்த வார்ப்புத் தேதிகளைக் குறித்து வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை திங்கட்கிழமை வார்க்கப்பட்டவை என்று தெரிந்தது. வார விடுமுறையில் அச்சு குளிர்ந்துபோயிருக்கும். அது சரியான சூட்டுக்கு வரும்வரை வரும் முதல் வார்ப்புகளைக் கழித்துவிட வேண்டும். சப்ளையர் அதைக் கழிக்காமல் நல்ல சரக்கோடு சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். இவர் நேரில் போய், அச்சின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் பழக்கத்தை அங்கே கொண்டுவந்தார். மேலாளருக்கு இது நன்றாகவே தெரியும். சரக்கை நிறுத்திவைக்க அனுமதி கேட்டு, தேதிப் பட்டியலோடு இவர் போய் நின்றது அந்த மேலாளரின் மேசைக்கு முன்னால்தான்.

இரண்டாவது, வாடிக்கையாளர் தணிக்கை. ஒரு அளவுக் கருவியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகியிருந்ததைத் தணிக்கையாளர் கேட்டபோது, இவர் சாக்குச் சொல்லாமல் உண்மையை ஒப்புக்கொண்டு, அந்தக் கருவியால் அளந்த சரக்கை எப்படி மறுபடி சோதிப்பது என்று அங்கேயே சொன்னார். மேலாளர் அதே அறையில் இருந்தார்.

மூன்றாவதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன்: நீங்கள் போன பிறகு என்ன நிலைத்தது? இவர் இரண்டு ஆய்வாளர்களுக்கு ஒரு சோதனை முறையில் பயிற்சி கொடுத்துவிட்டு விலகினார். அந்தச் சோதனை முறை இன்னும் நடக்கிறதா என்பது இவருக்கே தெரியாது, மேலாளருக்குத்தான் தெரியும். "நான் விலகிய பிறகும் அது தொடர்கிறதென்றால் அதைக் குறிப்பிடுங்கள் சார்" என்று கேட்கலாம். உங்கள் சுயவிவரத்தில் நீங்களே எழுதிக்கொள்ள முடியாத வரி அது. பழைய மேலாளரிடம் மட்டுமே கிடைக்கும்.

விட வேண்டியது எது என்பதும் இதிலிருந்தே தெரியும். உங்கள் சான்றிதழ்கள், தெரிந்த மென்பொருள்கள், பட்டம் எல்லாம் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இன்னொருவர் வாயால் சொல்ல வைப்பதில் பயன் இல்லை. மேலாளர் நேரில் பார்க்காத வேலையையும் விட்டுவிடுங்கள். நாளை யாராவது அவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தால், எழுதியதைப் பற்றி அவரால் பேச முடிய வேண்டும்.

கோரிக்கையோடு அனுப்பும் செய்தி எப்படி இருக்க வேண்டும்? மாதிரி ஒன்று தர முடியுமா?

மேலே சொன்ன பொறியாளர் அனுப்பக்கூடியது இது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

"வணக்கம் சார். ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நான் தேடுவது சப்ளையர் தரப் பிரிவில் மூத்த பொறியாளர் வேலை. சப்ளையர்களின் இடத்துக்குப் போய்ப் பிழையைக் கண்டறிந்து திருத்தத் தெரிந்தவர் வேண்டும் என்பதே அவர்களின் முதல் எதிர்பார்ப்பு.

உங்கள் நினைவுக்காக மூன்று விஷயங்கள். ஒன்று, திங்கட்கிழமை வார்ப்புகளின் கசிவு. தேதிப் பட்டியலோடு உங்களிடம் வந்து சரக்கை நிறுத்தக் கேட்டேன், பிறகு சப்ளையரிடம் போய் வந்தேன். இரண்டு, வாடிக்கையாளர் தணிக்கையில் அளவுத்திருத்தச் சான்று பற்றிக் கேட்டபோது நடந்தது. நீங்களும் உடனிருந்தீர்கள். மூன்று, ஆய்வாளர்களுக்குக் கொடுத்த பயிற்சி. நான் விலகிய பிறகும் அந்த முறை தொடர்கிறதென்றால் அதைச் சொல்லலாம்.

மூன்றையும் எழுத வேண்டியதில்லை சார். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒன்றோ இரண்டோ போதும். நான் விட்டுவிட்ட வேறு எதையாவது எழுதத் தோன்றினாலும் மகிழ்ச்சியே. வாடிக்கையாளர் பெயரும் பாக எண்ணும் வேண்டாம். இந்த மாத இறுதிக்குள் முடிந்தால் நன்றாக இருக்கும்."

கடைசிப் பத்தியைச் சுருக்கிவிடாதீர்கள். ஒன்றோ இரண்டோ போதும் என்று சொல்வதால்தான் அவர் விருப்பப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து விரிவாக எழுதுகிறார். தேதி சொல்வதும் அவசரப்படுத்துவது ஆகாது. தேதி இல்லாத உதவி தள்ளிக்கொண்டே போகும்.

"நீயே எழுதி அனுப்பு, நான் போட்டுவிடுகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

நம் ஊர் அலுவலகங்களில் மிகச் சாதாரணமாக வரும் பதில் இது. நேரமின்மை ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுதுவதில் இருக்கும் தயக்கம் இன்னொரு காரணம், அதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

உடனே உட்கார்ந்து நீங்களே எழுதத் தொடங்கினால் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கும். கூச்சப்பட்டு எந்தச் சாரமும் இல்லாமல் எழுதுவீர்கள், அல்லது உங்கள் சுயவிவரத்தில் இருக்கும் அதே சொற்களையும் அதே வாக்கிய நடையையும் பயன்படுத்திவிடுவீர்கள். இரண்டாவது நடந்தால், இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரே கை எழுதியது என்று தெரிந்துவிடும். அதன்பின் அந்தப் பரிந்துரைக்கு மதிப்பில்லை.

அதனால் அவரிடம் ஒரு பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சைக் கேளுங்கள். "சரி சார், எழுதுகிறேன். ஆனால் உங்கள் வார்த்தைகளில் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னால் மறுக்க மாட்டார். முதல் கேள்வி, அந்த வார்ப்பு விவகாரத்தில் அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் சார்? இரண்டாவது, இந்த வேலைக்கு என்னை எடுக்கலாமா என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவர் தமிழிலேயே சொல்லட்டும், குறித்துக்கொள்ளுங்கள். "முதலில் நான் நம்பவில்லை. சரக்கை நிறுத்தினால் உற்பத்தி பாதிக்குமே என்று எரிச்சல்கூட வந்தது. பட்டியலைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்" என்பது போல ஏதாவது சொல்வார். இந்த மாதிரி வரியை நீங்களாகக் கற்பனை செய்து எழுதவே முடியாது. அதையே மையமாக வைத்து எழுதி அனுப்பி, மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு அவர் கணக்கிலிருந்து அவரையே பதியச் சொல்லுங்கள். அவர் படித்து ஏற்காத ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது.

எவ்வளவு நீளம் இருக்கலாம்? எண்கள், வாடிக்கையாளர் பெயர் எல்லாம் வரலாமா?

தளம் 3,000 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது. அவ்வளவு தேவையில்லை. இரண்டு சிறிய பத்திகள் நல்ல அளவு. நீளமான பரிந்துரையின் தொடக்க வரிகள் மட்டும் முதலில் தெரியும், மீதியை விரித்துத்தான் படிக்க வேண்டும் என்பதால், நிகழ்ச்சி முன்னால் வந்துவிடுவது நல்லது. "இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும்" என்ற தொடக்கம் அந்த இடத்தை வீணாக்கிவிடும்.

எண்களில் எச்சரிக்கை தேவை. ஒரு நிறுவனத்தின் கழிவு விகிதம், வாடிக்கையாளரின் புகார் எண்ணிக்கை, பாகங்களின் விலை ஆகியவை அந்த நிறுவனத்தின் உள்விவரங்கள். வேலையில் சேரும்போது நீங்களும் அவரும் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் விலகிய பிறகும் பல இடங்களில் செல்லும். "திங்கட்கிழமைத் தோல்விகள் அதன்பின் நின்றுவிட்டன" என்று எழுதினால் எந்த ரகசியமும் வெளியே போகாது, படிப்பவருக்குச் செய்தியும் கிடைத்துவிடும்.

எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பதவி தவறாக இருக்கிறது, மீதியும் பொதுவான பாராட்டுதான். அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

நீங்கள் ஏற்கும்வரை அது உங்கள் பக்கத்தில் தோன்றாது. அவர் எழுதியதை நீங்கள் திருத்த முடியாது, ஆனால் திருத்தம் கேட்டு அவருக்கே திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகும் தேவைப்பட்டால் மறைத்து வைக்கலாம்.

தகவல் பிழை என்றால் கூச்சமே வேண்டாம். பதவியோ ஆண்டோ தவறாக இருந்தால் அது அவருக்கும் நல்லதல்ல. நன்றி சொல்லிவிட்டு, எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று நேரடியாக எழுதுங்கள்.

பொதுவான பாராட்டு மட்டும் இருந்தால் ஒரே ஒரு முறை கேட்கலாம், அதுவும் ஒரே ஒரு வரிக்காக. "மிக்க நன்றி சார். பதவியை மாற்றும்போது, அந்த வார்ப்பு விவகாரத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்" என்று பதவித் திருத்தத்தோடு இணைத்துக் கேட்பது இருவருக்கும் எளிது. சேர்க்காமல் திருப்பி அனுப்பினால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை கேட்டால் பரிந்துரையைவிடப் பெரிய ஒன்றை இழப்பீர்கள்: நாளை அவரைத் தொலைபேசியில் யாராவது விசாரிக்கும்போது மனம் திறந்து பேசும் ஒரு மனிதரை.

சரி என்று சொன்னவர் எழுதவே இல்லை. மறுபடி கேட்கலாமா?

சொன்ன தேதி கடந்து ஒரு வாரம் ஆனதும் ஒரு முறை நினைவூட்டுங்கள். குறிப்புகளை மறுபடி அதிலேயே ஒட்டி அனுப்புங்கள், பழைய செய்தியைத் தேட வைக்காதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுவதே சரி. எழுத விருப்பமில்லாததை அவர் நேரில் சொல்லத் தயங்கியிருக்கலாம்.

மனக்கசப்போடு வெளியேறினேன். அந்த மேலாளரை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது கேட்கலாமா?

கேட்கலாம். அதே காலத்தில் உங்கள் வேலையைப் பார்த்த வேறு துறையின் தலைவர் நல்ல தேர்வு. மேலே சொன்ன பொறியாளருக்குக் கொள்முதல் பிரிவின் மேலாளர் அப்படிப்பட்டவர். சப்ளையரோடு நடந்த பேச்சுகளில் அவரும் இருந்திருப்பார். உறவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் உங்களை நேரடியாக நிர்வகித்தார் என்று போடாமல், உள்ளபடியே போடுங்கள்.

பதிலுக்கு நானும் அவருக்கு ஒன்று எழுத வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எழுத மனமிருந்தால் உடனே எழுத வேண்டாம். இரண்டு பரிந்துரைகளிலும் தேதி தெரியும், ஒரே நாளில் இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்திருந்தால் படிப்பவர் இரண்டையும் நம்ப மாட்டார். சில மாதங்கள் கழித்து, அவரிடம் கற்ற ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றி எழுதுங்கள். இப்போதைக்கு, வேலை கிடைத்ததும் அவரை அழைத்துச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் அவர் எழுதிய எந்த வரியைப் பற்றிக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு எழுதும்போது அது அவருக்குப் பயன்படும்.